முழுசும் பொடியும்

மளிகைச் சாமான் விற்கிற கம்பெனிகள் போடும் காலண்டரிலும் அட்டைப் பெட்டியிலும் ஒரு விதமான படம் அடிக்கடி வருகிறது. ஏழெட்டுச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் முழு மிளகாய், அதன் பக்கத்தில் மிளகாய்த் தூள். ஒன்றில் விரலி மஞ்சள், அதன் பக்கத்தில் மஞ்சள் பொடி. அப்புறம் மல்லி, மிளகு, சீரகம், ஒவ்வொன்றும் தன் பொடியோடு. எல்லாவற்றையும் ஓட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, நேர் மேலேயிருந்து எடுத்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகுக்காக மாத்திரம் இப்படி வைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முழுசைப் பொடிக்குப் பக்கத்தில் வைப்பது ஒரு சாட்சி சொல்லுகிற காரியம். "இந்தப் பொடி இதிலிருந்து வந்ததுதான்" என்று கடைக்காரர் நம்மிடம் சத்தியம் பண்ணுகிறார்.

யாரும் கேட்காமல் சத்தியம் பண்ணுவதில்லை. நம் பாட்டிமார்கள் உரலில் மிளகாய் இடித்தபோது இந்தச் சத்தியத்துக்கு அவசியம் இருக்கவில்லை. மில்லுக்குக் கொண்டுபோன காலத்திலும், தங்கள் மிளகாய் அரைபட்டு முடிகிறவரை பெண்கள் தும்மிக்கொண்டே பக்கத்தில் நின்றார்கள். இன்றும் நிற்கிறவர்கள் உண்டு. முன்பின் தெரியாதவன் கண்ணுக்கு மறைவாகப் பொடித்து, பொடியாகவே விற்க ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் பிறந்தது. அந்தச் சந்தேகத்துக்குத் தேதியும் ஊரும் போட்டு, சாமான்வாரியாகக் கணக்கு எழுதிவைத்தவர்கள் லண்டன்காரர்கள். ஆகவே கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

1820-ல் பிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர் லண்டனில் உணவுக் கலப்படத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மேலட்டையில் மண்டையோடு. பானைக்குள் மரணம் இருக்கிறது என்ற பைபிள் வாக்கியத்தை அதன்மேல் பொறித்திருந்தார். அதில் மிளகைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. பொடியில் கலப்பது இருக்கட்டும், முழு மிளகையே அங்கே 'செய்து' விற்றிருக்கிறார்கள். ஆளிவிதையிலிருந்து எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு, களிமண், காரத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த் தூள். இவற்றைப் பிசைந்து சல்லடையில் அழுத்தித் தள்ளி, பீப்பாயில் போட்டு உருட்டினால் உருண்டையாகிவிடும். அதை நல்ல மிளகோடு கலந்துவிடுவார்கள். கண்டுபிடிக்கும் வழியையும் அக்கும் சொன்னார். மிளகைத் தண்ணீரில் போடு. நிஜ மிளகு அப்படியே கிடக்கும், செய்த மிளகு கரைந்து சேறாகும். அவ்வளவுதான்.

மிளகுப் பொடியின் கதை இன்னும் மோசம். மிளகுக் கிட்டங்கியில் தரையைப் பெருக்கி எடுத்த குப்பைக்கு வியாபாரிகளிடையே 'பி. டி.' என்று பெயர். மிளகுத் தூசி என்பதன் சுருக்கம். பொடியில் கலக்க அதைத் தனியாக விலைக்கு வாங்கினார்கள். அதையும் சலித்த பிறகு மிஞ்சுகிற குப்பைக்கு 'டி. பி. டி.' தூசியின் தூசி! ஒரு மோசடிக்குச் சுருக்கெழுத்துப் பெயர் வந்துவிட்டது என்றால் அது திருட்டு என்ற நிலை தாண்டி, தொழில் என்ற நிலைக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அக்குமின் புத்தகம் பரபரப்பாக விற்றது. ஆனால் அடுத்த வருஷமே, நூல்நிலையப் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்தார் என்ற குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டு அவர் ஊரைவிட்டே போகவேண்டி வந்தது. அவரோடு அவர் கிளப்பிய விஷயமும் அடங்கிப்போயிற்று. முப்பது வருஷம் லண்டன் நகரம் தூசியின் தூசியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வந்தவர் ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற வைத்தியர். குளத்திலும் ஆற்றிலும் வளரும் பாசிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதில் பழகியவர். இந்தப் பழக்கம்தான் விஷயத்தைத் திருப்பியது. அதுவரை கலப்படத்தைத் தேடியவர்கள் ரசாயனக்காரர்கள். ஈயமோ செம்போ கலந்திருந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியும். ஆனால் தாவரப் பொருளுக்குள் இன்னொரு தாவரப் பொருளைப் பொடித்துக் கலந்துவிட்டால் திராவகங்கள் பிரித்துச் சொல்லமாட்டா. ஹாஸலுக்கோ எத்தனை பொடித்தாலும் ஒவ்வொரு செடியும் தன் முகத்தை விட்டுவிடுவதில்லை என்று தெரியும். கோதுமை மாவின் துகள் வட்டமாக, பெரிதாக, தட்டையாக இருக்கும். அரிசி மாவின் துகள் சின்னதாக, மூலை மூலையாக இருக்கும். மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பதால் அதன் மாவு வெந்து கட்டியாகி, மஞ்சள் நிறப் பொதிகளாகத் தெரியும். ஒரு தடவை பார்த்துப் பழகிவிட்டால் போதும். அடுத்த வீட்டுக்காரரை நடையிலேயே அடையாளம் கண்டுகொள்வதுபோலக் கண்டுகொள்ளலாம்.

'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையை நடத்திய தாமஸ் வாக்லி இவரைப் பிடித்துக்கொண்டார். 1851 முதல் 1854 வரை ஹாஸல் லண்டன் கடைகளில் ஏறி இறங்கினார். சாதாரண வாடிக்கைக்காரர்போலச் சாமான் வாங்குவார். பொட்டலத்தின்மேல் கடைப் பெயர், தெரு, விலை எல்லாம் குறித்துக்கொள்வார். கூட ஒரு சாட்சியும் வருவார். வீட்டுக்கு வந்து சோதித்து, மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததைப் படமாக எழுதச் சொல்லி, பத்திரிகையில் போட்டார்கள். முடிவை மட்டும் அல்ல, கடைக்காரர் பெயரையும் விலாசத்தையும் போட்டார்கள். நல்ல சாமான் விற்றவர் பெயரும் வந்தது, கெட்டது விற்றவர் பெயரும் வந்தது. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து எந்தப் பத்திரிகையும் தொடாத காரியம் அது. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு மைக்ராஸ்கோப்பைவிட இந்தத் துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது.

மிளகாய்த் தூளில் அவர் கண்டதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 28 பொட்டலங்கள் வாங்கினார். அதில் 24 கலப்படம். அந்த இருபத்துநான்கில் பெரும்பாலானவற்றில் மண்ணிலிருந்தோ உலோகத்திலிருந்தோ எடுத்த சாயம் இருந்தது. 13-ல் இருந்தது செந்தூரம், அதாவது சிவப்பு ஈயம். மற்றவற்றில் செங்காவிபோன்ற சிவப்பு மண். ஒன்றில் பாதரசம் சேர்ந்த ஜாதிலிங்கம்கூட இருந்தது. இவற்றோடு அரிசி மாவு, கடுகுத் தோல், மரத்தூள் ஆகியவையும் அகப்பட்டன.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி எழும். மிளகாய் தன்னாலேயே சிவப்பாக இருக்கிற வஸ்து. அதற்குப் போய் எவனாவது சிவப்பு அடிப்பானா? எனக்கும் அது புரியாமல்தான் இருந்தது. மாவையும் சாயத்தையும் தனித்தனி மோசடியாக நினைத்துக்கொண்டிருக்கும்வரை புரியாது. அவை இரண்டும் ஒன்றுதான். எடையில் ஏமாற்றுகிறவன் முதலில் அரிசி மாவைச் சேர்க்கிறான். அரிசி வெள்ளை, நூறு பங்கு மிளகாய்த் தூளில் முப்பது பங்கு அரிசி மாவு சேர்ந்தால் பொடி வெளுத்து, சோகை பிடித்த முகம்போல ஆகிவிடும். அதை எவள் வாங்குவாள்? ஆகவே போன சிவப்பைத் திரும்பக் கொண்டுவரச் சாயம் வேண்டியிருக்கிறது. மஞ்சள் பொடியைச் சேர்த்துப் பார்ப்பான்; அது ஆரஞ்சுக்குத்தான் வரும். செந்தூரம் சேர்த்தால் நிறம் தூக்கிக் கொடுக்கும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஈயம், கனமான சரக்கு. சாயம் போட்ட கையோடு தராசுத் தட்டும் இறங்கும். வெயிலிலும் வெளிச்சத்திலும் வைத்தால் மிளகாய்த் தூள் நாளாக நாளாக வெளுக்கும். செந்தூரத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. இப்படி, அளவில் பண்ணிய மோசத்தை மறைக்க நிறத்தில் மோசம் வந்தது. விஷம் கலக்கவேண்டும் என்று எந்தக் கடைக்காரனும் காலையில் எழுந்ததும் நினைக்கவில்லை. காலணா மிச்சம் பண்ண மாவைச் சேர்த்தான். மாவு விஷத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது.

கடுகுப் பொடியிலும் இதே கதைதான். ஹாஸல் பார்த்த 42 பொட்டலங்களில் ஒன்றுகூடச் சுத்தமில்லை. எல்லாவற்றிலும் கோதுமை மாவு. மாவினால் போன நிறத்துக்கு ஈடாக மஞ்சள் பொடி. நல்லவேளை, இங்கே மஞ்சளோடு நின்றது. கடுகுப் பொடியைச் சோதிக்க மைக்ராஸ்கோப்புகூட வேண்டாம். முற்றின கடுகில் மாவுச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். ஆகவே பொடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறியபின் ஒரு சொட்டு அயோடின் விட்டால், சுத்தக் கடுகு நீலமாகாது. கோதுமை சேர்ந்தது நீலமாகிவிடும். மஞ்சளைக் கண்டுபிடிக்கிற வழி நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? அதே காரியம்தான். மஞ்சள் சேர்ந்த கடுகில் காரத்தைச் சேர்த்தால் செம்மை தட்டும்.

'கறி பவுடர்' என்று இந்தியாவின் பெயரைச் சொல்லி விற்ற பொடியையும் அவர் விடவில்லை. அதில் பலவற்றில் செந்தூரம் இருந்தது. பாவம், கலந்தவன் தனியாகச் செந்தூரம் வாங்கிப் போட்டிருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கெட்ட மிளகாய்த் தூளை வாங்கி மல்லியோடும் சீரகத்தோடும் சேர்த்தால் விஷம் தானாக வந்து சேரும். மசாலாப் பொடியில் உள்ள ஆபத்து இதுதான். ஆறு சாமான் சேர்ந்தால் ஆறு பேருடைய யோக்கியதையும் அதில் சேருகிறது.

1855-ல் பார்லிமெண்டில் ஒரு கமிட்டி உட்கார்ந்து இதையெல்லாம் விசாரித்தது. அங்கே சாட்சி சொல்ல வந்தவர்களில் கிராஸ் அண்ட் பிளாக்வெல் கம்பெனியின் பிளாக்வெல் ஒருவர். ஊறுகாயும் சாஸும் போடுகிற பெரிய கம்பெனி. ஊறுகாய் பச்சைப் பசேலென்று இருக்கச் செம்பைச் சேர்ப்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம், அவர்களும் சேர்த்திருந்தார்கள். லான்செட்டில் வந்த பிறகு நிறுத்திவிட்டதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். நிறுத்தியதும் என்ன நடந்தது? ஊறுகாய் பழுப்பாகிவிட்டது. ஜனங்கள் முதலில் குறை சொன்னார்கள். இதென்ன நிறம், பழைய பச்சை எங்கே என்று கேட்டார்கள். செம்பு கலந்ததுதான் ஊறுகாயின் நிறம் என்று அவர்கள் கண் பழகிப்போயிருந்தது. கொஞ்ச நாளில் பழுப்புக்கும் பழகிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்ச நாளைத் தாங்குகிற பண பலம் பெரிய கம்பெனிக்கு இருந்தது. மூலைக் கடைக்காரனுக்கு அது இருந்திருக்காது. யோக்கியனாக இருப்பதற்கும் முதல் வேண்டியிருக்கிறது என்பதை இந்த விசாரணையில் யாரும் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

1860-ல் ஒரு சட்டம் வந்தது. அது பல்லில்லாத சட்டம். 1875-ல் வந்தது கொஞ்சம் கடித்தது. வாங்குகிறவர் கேட்ட சாமானின் தன்மையும் பொருளும் தரமும் கொடுத்ததில் இல்லாவிட்டால் குற்றம் என்று அது சொல்லிற்று. நம் நாட்டில் தரச் சின்னத்துக்கான அக்மார்க் சட்டம் 1937-லும், கலப்படத் தடைச் சட்டம் 1954-லும் வந்தன. பின்னதை எடுத்துவிட்டு 2006-ல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். பொடியில் சாயம் சேர்க்கக்கூடாது என்பதில் இவற்றுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

சட்டத்தைவிட வேறொன்று அதிகமாக வேலை செய்தது. அது பொட்டலம். ஜான் ஹார்னிமன் என்பவர் 1826-லேயே தேயிலையை எடைபோட்டு மூடிய பாக்கெட்டில் விற்க ஆரம்பித்திருந்தார். இடையில் இருக்கிற கடைக்காரர் கைபோட முடியாது என்பதுதான் அதன் பெருமை. அந்தக் காரணத்தினாலேயே கடைக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கலப்படப் பயம் பரவப் பரவ மூடிய பாக்கெட்டுக்கு மவுசு ஏறிற்று. ஆனால் மூடிவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்கும் மூடல்தானே! கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ வழியில்லை. பொருளுக்குப் பதில் பொருளின் படத்தைப் பார்த்து வாங்குகிற காலம் வந்துவிட்டது. அப்புறம் படமே பொய் சொல்ல ஆரம்பித்தால்?

சொல்லிற்று. அமெரிக்காவில் 1960-களின் கடைசியில் காம்பெல் சூப் கம்பெனியின் விளம்பரப் படங்களில் கிண்ணம் நிறையக் காய்கறித் துண்டுகள் மேலே மிதந்தன. உண்மையில் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினால் காய் அடியில் போய்விடும்; மேலே வெறும் சாறுதான் தெரியும். படம் எடுத்தவர்கள் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுவிட்டார்கள். கோலி இடத்தை அடைத்துக்கொள்ள, காய் மேலே வந்து நின்றது. மத்திய வியாபாரக் கமிஷன் இதைப் பிடித்துக்கொண்டது. 1970-ல் இனி அப்படிச் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. கம்பெனியின் தரப்பில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. டப்பாவில் காய் இருப்பது நிஜம், அதைக் காட்டத்தானே கோலி என்றார்கள். ஆனால் பார்க்கிறவர் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. லண்டன்காரன் மாவை வைத்துச் செய்ததை இவர்கள் கோலியை வைத்துச் செய்தார்கள். விஷம் மட்டும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் வெகு காலமாக மளிகை மண்டி வைத்திருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் சொந்தப் பெயரில் பொடிகள் போட ஆரம்பித்தார். பாக்கெட்டுக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டு, அதில் அச்சிட எடுத்த படங்களையும் காட்டினார். மேலேயிருந்து எடுத்த கிண்ணங்கள்தான். இரண்டு பிரதிகள். ஒன்று காமிரா கண்டபடி. மற்றதில் நிறத்தை ஏற்றியிருந்தார்கள். அதில் மஞ்சள் பொடி சாமந்திப் பூவாக ஜொலித்தது. மிளகாய்த் தூள் குங்குமமாக இருந்தது. முதல் பிரதியில் மிளகாய்த் தூள் செங்கல் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். பக்கத்தில் முழு மிளகாய் பளபளவென்று ஆழ்ந்த சிவப்பு.

"முழுசு இவ்வளவு சிவப்பா இருக்கு, பொடி இப்படி இருந்தா ஜனங்க நம்புவாங்களா சார்? தம்பிங்க ரெண்டாவது படத்தைத்தான் போடணும்ங்கறாங்க" என்றார்.

உண்மை அவர் பக்கம்தான் இருந்தது, அதுவும் முதல் படத்தில். மிளகாயின் சிவப்பெல்லாம் தோலில்தான். உள்ளே விதை மஞ்சள், நரம்பு வெளுப்பு. விதையோடு அரைத்தால் பொடி தோலைவிட வெளுத்துத்தான் வரும். மிளகும் அப்படியே. மேல் தோல் கறுப்பு, உள்ளே வெள்ளை. ஆகவே பொடி சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு இருக்கவேண்டும். கறுகறுவென்று இருந்தால்தான் யோசிக்கவேண்டும். மஞ்சளில் விஷயம் தலைகீழ். விரலியின் மேல்தோல் மங்கல். உடைத்தால் உள்ளே ஆரஞ்சு. அரைத்தால் வேறொரு மஞ்சள். முழுசும் பொடியும் ஒரே நிறத்தில் இருக்கிற படத்தைக் கண்டால் நான் சந்தேகப்படுவேன்.

அவர் படக்காரரும் நாணயமான மனுஷர். நிறத்தை ஏற்றச் சொன்னது அவர் யோசனை அல்ல. தொழில் விவரம் சொன்னார். மஞ்சள் விளக்கில் எடுத்தால் எல்லாப் பொடியும் ஒரு படி சிவந்துவிடும். ஆகையால் ஜன்னல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நேரத்தில் எடுப்பாராம். கிண்ணங்களுக்கு நடுவில் முதலில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து ஒரு படம். பிறகு அட்டையை எடுத்துவிட்டு ஒன்று. அட்டை படத்தில் வெள்ளையாக வருகிறவரைக்கும் சரிபார்த்துவிட்டால் மஞ்சள் மஞ்சளாக வந்திருக்கும். அதற்குமேல் கை வைத்தால் அது திருத்தம் ஆகாது, சாயம்தான்.

அளவைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிக நேரம் பேச்சு நடந்தது. நேர் மேலேயிருந்து எடுக்கிற படத்தில் ஆழம் தெரியாது. கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து மேலே இரண்டு கரண்டி பொடியைப் பரப்பிவிட்டால் நிறைகிண்ணமாகத் தெரியும். கோலியைப் போலத்தான். வழக்கமாக அப்படித்தான் செய்கிறார்கள் என்று படக்காரரே சொன்னார்; பொடியை மிச்சம் பண்ணுவதற்காக, ஏமாற்றுவதற்காக அல்ல. அன்றைக்குத் தட்டையான ஒரே அளவுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, தராசில் நூறு நூறு கிராம் நிறுத்துப் போட்டுப் பார்த்தார்கள். நூறு கிராம் வற்றல் மிளகாய் கிண்ணத்தில் அடங்காமல் வழிந்து தட்டில் விழுந்தது. நூறு கிராம் தூளோ கிண்ணத்தில் பாதிதான் இருந்தது. மல்லியிலும் முழுசு குவிந்து நின்றது, பொடி அடங்கிக் கிடந்தது. மஞ்சளில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. தம்பிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. பொடிக் கிண்ணம் குறைவாகத் தெரிகிறதே, பாக்கெட்டில் குறைத்துப் போடுகிறோம் என்று நினைக்கமாட்டார்களா என்றார்கள். பாக்கெட் நூறு கிராம். படத்தில் இருப்பதும் நூறு கிராம். இதற்குமேல் என்ன செய்ய? நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: படத்தில் உள்ளதும் பாக்கெட்டில் உள்ளதும் ஒரே எடை என்று. அச்சாயிற்று. முதல் வருஷம் வியாபாரம் மந்தம்தான். நிறம் ஏற்றின படம் போட்ட வேறு பொடிகள் பக்கத்து அலமாரியில் இருக்கும்போது மந்தமாகத்தான் இருக்கும். இப்போது நஷ்டமில்லாமல் ஓடுகிறது. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் முழுசு சாட்சி சொல்லும் என்று மேலே எழுதினேனே, அந்தச் சாட்சியையும் கலைத்துவிட முடியும் என்பதற்கு நம் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

பங்களாதேசத்தில் மஞ்சள் ஏராளமாகச் செலவாகிறது. நம் ஊரில் செய்வதுபோலவே வேகவைத்து, காயவைத்து, உருளைப் பீப்பாயில் போட்டுச் சுழற்றிப் பாலீஷ் செய்வார்கள். 1980-களில் வெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து, சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போயிற்று. மங்கின மஞ்சளுக்கு விலை இல்லை. பாலீஷ் போடும்போது ஒரு மஞ்சள் தூளைச் சேர்த்தால் விரலி பளிச்சென்று ஆகிறது என்று கண்டுகொண்டார்கள். அது ஈயக் குரோமேட். மேஜை நாற்காலிக்கும் வண்டிக்கும் அடிக்கிற வர்ணத்தில் சேர்வது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. போட்டவர்களில் பலருக்கு அது ஈயம் என்றே தெரியாது. வாங்கின பெண்களோ, பொடியில் கலப்படம் இருக்கும் என்று பயந்து முழு மஞ்சளாக வாங்கினால் அதிலேயே சாயம் இருந்தது. பளபளப்பைக் கண்டு நல்ல சரக்கு என்று பொறுக்கி எடுத்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன ஆராய்ச்சிக்காரர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் சமையலறை மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-ல் அந்த முடிவுகள் வெளியாயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சர்க்கார் பத்திரிகைகளில் எச்சரிக்கை போட்டது. சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய மொத்தச் சந்தையில் அதிகாரிகள் கையில் பிடித்துப் பார்க்கிற ஒரு கருவியோடு புகுந்தார்கள். மஞ்சளின்மேல் வைத்தால் ஈயம் இருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடும். சாயம் போட்ட மஞ்சள் வைத்திருந்த இரண்டு வியாபாரிகளுக்கு அபராதம் போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். அது டெலிவிஷனில் வந்தது. 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் ஈயம் இருந்தது. 2020-ல் 5. 2021-ல் ஒன்றிலும் இல்லை. ஹாஸல் மூன்று நான்கு வருஷம் பெயர் போட்டுப் போட்டு ஆரம்பித்துவைத்த காரியம் சட்டமாகிப் பல் முளைக்க இருபது வருஷம் பிடித்தது. இங்கே இரண்டே வருஷம். மைக்ராஸ்கோப்புக்குப் பதில் வேறொரு கருவி. கடைக்காரர் பெயரைப் போட்டதற்குப் பதில் டெலிவிஷன்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று வாசகர்கள் கேட்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளைத் தூவி, கலக்காமல் பார்க்கலாம். செங்கல் தூள் இருந்தால் நேரே அடிக்குப் போய்க் கரகரவென்று உட்காரும். தண்ணீரில் கரையும் சாயம் இருந்தால் சிவப்பு நூல் நூலாக இறங்கும். மஞ்சள் பொடியைப் போட்டால் தண்ணீர் லேசாகத்தான் நிறம் பிடிக்கவேண்டும். ஆனால் இந்த டம்ளரை ரொம்பவும் நம்பக்கூடாது. 2005-ல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான சாமான்களைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கவைத்த சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. தண்ணீரில் அது வாயே திறக்காது. கொஞ்சமாகச் சேர்ந்த ஈயமும் டம்ளருக்குத் தெரியாது. அதற்குப் பரிசோதனைச் சாலைதான் கதி. கடையில் மஞ்சள் வாங்கும்போது, பளபளக்கிற விரலிக்குப் பக்கத்தில் மங்கலான விரலியும் இருந்தால், நான் மங்கலானதை எடுத்து உடைத்துப் பார்த்து வாங்குகிறேன். உள்ளே ஆரஞ்சாக இருந்தால் போதும். கடைக்காரப் பையன் ஒவ்வொரு தடவையும், "அதைவிட இது நல்லாருக்குமே சார்" என்று மற்றதை நகர்த்துகிறான்.